கணக்கு குரூப்பில் நம் பெண் பிள்ளைகள் எங்கே?

பத்தாம் வகுப்புக் கணக்கில் 60 எடுத்த பையனை, "முயன்றால் தேறிவிடுவான்" என்கிறோம். அதே 60 எடுத்த பெண்ணிடம், "உனக்குக் கணக்கு வராது, வேறு குரூப் எடு" என்கிறோம். சேலம், நாமக்கல் பகுதியில் நம் பெண்களுக்குப் பொறியியல் கதவு பிளஸ் 1 சேர்க்கையன்றே இப்படித்தான் மூடுகிறது.

பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200. அதில் பாதி கணக்குக்கு. மீதி இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 74 எடுத்தால் 80+35+37, அதாவது 152. கணக்கை விட்டவருக்கு இந்தக் கூட்டலே இல்லை. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கான 3 சதவீதம், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கும் 7.5 சதவீதம் எல்லாம் அவருக்கு எட்டாமல் போகின்றன. பக்கத்திலுள்ள கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியும் அப்படித்தான்.

ஆசிரியர்கள் குரூப் ஒதுக்குமுன், ஒரே கணக்கு மதிப்பெண் பெற்ற ஆணையும் பெண்ணையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்; பாகுபாடு இருந்தால் அங்கே தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தப் பட்டியலைப் பெற்றோர் கேட்கலாம். வீட்டில், தண்ணீர் பிடிக்கும் மாலை வேலையை அண்ணன் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்தால், அவளுக்குக் கணக்குப் போட ஒரு மணி நேரம் கிடைக்கும்.