குறை சொன்னவர் பகைவரா?

ஆய்வு மாணவரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. உடன் பயில்பவர் கட்டுரையில் பிழையைச் சுட்டினால் முதலில் மறுப்பு, பிறகு மௌனம். தேநீர்க்கடையில் அழைப்பு நின்றுவிடும். அடுத்த முறை கட்டுரை வேறொருவர் கைக்குப் போகும். இதற்குத் தீர்வாக, குறையை இன்னும் மென்மையாகச் சொல்லுமாறு சுட்டியவருக்கே அறிவுரை கூறப்படுகிறது. இவ்வறிவுரை நோயை விட்டு மருத்துவரைத் திருத்துவதாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியின் தேயிலைத் தோட்டத் தமிழை ஒருவர் ஆய்வதாகக் கொள்வோம். 'மெதுவாக' என்னும் பொருளில் அங்கே 'பைய' வழங்குகிறது. மலையாளத்திலும் 'பய்யெ' உண்டு. ஆகவே இது மலையாளத் தாக்கம் என்று அவர் எழுதுகிறார். உடன் ஆய்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இத்தோட்டங்களுக்கு ஆள் வந்த திருநெல்வேலிப் பகுதியின் பேச்சோடு இதை ஒப்பிட்டீர்களா? அங்கும் 'பைய' இயல்பான சொல், திருக்குறளிலும் உள்ளது. எனவே இச்சொல்லை மட்டும் கொண்டு தாக்கத்தை நிறுவ இயலாது. மூதாதையரின் பேச்சில் இல்லாமல் மாட்டுப்பட்டியில் மட்டும் தோன்றிய வடிவமே சான்றாகும்.

இக்கேள்வியில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'நீ அங்கே போய்ப் பார்த்தாயா?' என்று மறுமொழி வந்தால், சான்று இருக்க வேண்டிய இடத்தில் அனுபவம் நிறுத்தப்படுகிறது என்று பொருள். அதன்பின் முகம் திருப்புபவர் இழப்பது ஒரு நட்பை மட்டுமன்று. அடுத்து வாசிப்பவர் 'நன்று' என்று மட்டும் எழுதித் தருவார். பிழை ஆய்வேட்டுக்குள் நுழைந்து தேர்வாளர் முன் வெளிப்படும்.

சுட்டுபவருக்கும் கடமை உண்டு. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில், அரச வானியல் கழகக் கூட்டத்தில், 24 வயதுச் சந்திரசேகரின் முடிவை எடிங்டன் எள்ளினார். அதுவரை அவரோடு அடிக்கடி உரையாடியவர், தாம் மறுக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. அறிவியலில் சந்திரசேகரே சரி. கசப்புக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? ஆயினும் அவர் கருத்தை மாற்றவுமில்லை, உறவை அறுக்கவுமில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது சிகாகோவில் அவருக்குப் புகழுரை ஆற்றினார்.

அவையில் அவமதிக்கப்பட்டவருக்கே இது இயன்றது. தனியே, சான்றோடு, ஒரே ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கப்பட்டவருக்கு ஏன் இயலவில்லை? 'ஒப்பிட்டேன், இதோ தரவு' என்றோ, 'ஒப்பிடவில்லை, ஒப்பிடுகிறேன்' என்றோ ஒரு வரி எழுதினால் போதும். முகம் திருப்புதல் இவ்விரண்டில் எதுவும் அன்று. ஆகவே அது விடையும் அன்று.