கூடையில் உள்ளதும் சட்டியில் உள்ளதும்

சம்பளப் பேச்சுவார்த்தை என்றதும் இரு தரப்பும் கையில் எடுப்பது விலைச் சுட்டெண்ணைத்தான். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நாமும் தெரிந்திருக்க வேண்டும்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் குடும்பங்களின் செலவை ஆய்வு செய்து, எந்தப் பொருளுக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு கூடையை நிர்ணயிக்கிறது. அந்தக் கூடையை மாற்றாமல், அதன் விலையை மட்டும் மாதந்தோறும் கணக்கிடுகிறது. அடியாண்டின் விலை 100. இன்றைய கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடியாண்டு 2021.

ஒரு கணக்குப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. செங்கலடிச் சந்தியில் அன்று அரிசியும் கோதுமை மாவும் கிலோ 100 ரூபா. ஒரு வீட்டில் மாதம் 20 கிலோ அரிசி, 10 கிலோ மா; செலவு 3,000 ரூபா. இன்று அரிசி 200, மா 120. அதே கூடைக்கு 5,200 ரூபா வேண்டும். சுட்டெண் 173.

ஆனால் அந்த வீட்டில் சோற்றைக் குறைத்து ரொட்டியைக் கூட்டிவிட்டார்கள். 10 கிலோ அரிசி, 20 கிலோ மா; செலவு 4,400 ரூபா. அன்றைய விலையில் இதற்கும் 3,000 ரூபாதான். இந்தக் கூடையை வைத்துப் பார்த்தால் 147 மட்டுமே வரும். மாறாத கூடை இந்த மாற்றத்தைக் காணாததால் விலையேற்றத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டுகிறது. இதையே பதிலீட்டுச் சாய்வு என்பார்கள்.

“அப்படியானால் 4,400 போதுமே” என்று தோட்ட நிர்வாகம் சொல்லலாம். போதாது. அதே 3,000 ரூபாவுக்கு அன்றும் இந்த ரொட்டிக் கூடையை வாங்கியிருக்கலாம்; அந்த வீட்டார் வாங்கவில்லை, சோற்றையே விரும்பினார்கள். ஆகவே இன்றைய கூடை அவர்களுக்குத் தாழ்ந்த வாழ்வு. அதேநேரம் 5,200 முழுவதும் வேண்டும் என்பதும் சரியல்ல. அவ்வளவு கிடைத்தால் பழைய கூடையையே வாங்கலாம். கொஞ்சம் மாவுக்கு மாறினால் அன்றைவிட நன்றாகவும் வாழலாம். பழைய வாழ்வுக்கு வேண்டிய தொகை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கூடை பழசாகப் பழசாக இந்தப் பிழை பெருகும். 1949/50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடம் எடுத்த கணக்கைக் கொண்டு, 1952ஐ அடியாண்டாக வைத்த சுட்டெண் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. அது யாருடைய கூடை என்பதும் முக்கியம். நகரத்து வீட்டைவிடத் தோட்டத்து வீட்டின் செலவில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு பெரிது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் விலை ஏறினால், கொழும்புச் சுட்டெண் நம் வீட்டு ஏற்றத்தைக் குறைத்தே காட்டும்.

ஆகவே உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறோம். கடைக் கொப்பியில் ரூபாவை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். 4,400 என்ற தொகை மட்டும் இருந்தால், குறைந்துபோன பத்துக் கிலோ அரிசி யார் கண்ணுக்கும் படாது.