இருமலின் சாட்சி செல்லாது



கட்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட் என்று புனேயில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகள் பல. அங்கெல்லாம் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமிருந்து, மூன்றாம் மாத வாக்கில், ஒரே பேச்சு அடிக்கடி கேட்கிறது: “இருமல் நின்னு போச்சு. நல்லா பசிக்குது. உடம்பு தேறிடுச்சு. இனிமே மாத்திரை எதுக்கு?” வீட்டில் இருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள். “ஆமாம், சும்மா சும்மா மருந்து தின்னா சூடுதான் ஏறும்” என்று பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்துகொள்கிறார்.

இந்த நம்பிக்கையைக் கண்டிக்கத்தான் இன்று பேசுகிறேன். நோயாளியை நான் குறை சொல்லவில்லை. தலைவலி போனால் மாத்திரையை நிறுத்துகிறோம், காய்ச்சல் விட்டால் கஷாயத்தை நிறுத்துகிறோம். அந்தப் பழக்கத்தையே அவர் இங்கும் கடைப்பிடிக்கிறார். ஆனால் காசநோயில் அந்தப் பழக்கம் ஆளையே கொல்லும். ஏன் என்று பார்ப்போம்.

ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வயது 34, எடை 51 கிலோ, தேஹு ரோட்டிலிருந்து வேலைக்குப் போய்வருகிறவர். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிகிறது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான். அவர் எடைக்குத் தினமும் நான்கு மாத்திரை. முதல் 56 நாள் தரும் ஒவ்வொரு மாத்திரையிலும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்று நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும். அதன்பின் 112 நாள், பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். ஆக மொத்தம் 168 நாள்.

முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே காய்ச்சல் விடுகிறது. சோறு இறங்குகிறது. இரண்டாம் மாதம் இருமல் அடங்குகிறது, எடை 55 கிலோ ஆகிறது. 56ஆம் நாளில் சளியை மீண்டும் பார்க்கிறார்கள். கிருமி இல்லை என்று சீட்டு வருகிறது. மனிதருக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? 80ஆம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இன்னும் 88 நாள் மருந்து பாக்கி.

அந்தச் சீட்டு பொய் சொல்லவில்லை. அது சொன்னதைத்தான் அவர் தவறாகப் புரிந்துகொண்டார். நுண்ணோக்கியில் ஒரு கிருமி கண்ணில் படவேண்டுமென்றால், ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிருமிகளாவது இருக்கவேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கண்ணுக்கு அகப்படாது. ஆகவே “கிருமி இல்லை” என்ற சீட்டுக்கு, “பார்க்கும் அளவுக்கு இல்லை” என்பதுதான் பொருள். மருந்து நன்றாக வேலை செய்கிறது, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதற்கான அனுமதி அது. விடுதலைப் பத்திரம் ஆகாது.

அப்படியானால் மிச்சக் கிருமிகள் எங்கே? வயலில் கோரையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அறுத்த அன்றைக்கு வயல் சுத்தமாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். குழி விழுந்த நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகிக்கொண்டிருப்பவை. காய்ச்சலும் இருமலும் மெலிவும் பெரும்பாலும் இவற்றோடு உடம்பு நடத்தும் சண்டையால் வருபவை. இவற்றை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே கொன்று குவிக்கிறது. அதனால்தான் ஆள் அத்தனை சீக்கிரம் தேறுகிறார்.

ஆனால் ஒரு சிறு கூட்டம், நம் உயிரணுக்களுக்குள்ளும் பாலாடைக் கட்டிபோல் இறுகிய சீழுக்குள்ளும், ஏறக்குறைய தூங்கிக் கிடக்கிறது. தூங்கும் கிருமியை மருந்து எளிதில் தொடாது. மருந்துகள் பெரும்பாலும் கிருமி வளரும் நேரத்தில்தான் அதைத் தாக்குகின்றன. இந்தக் கிருமிகள் எப்போதாவது சிறிது நேரம் கண்விழிக்கும். அந்த நேரத்தில் இரத்தத்தில் ரிஃபாம்பிசின் இருந்தால் அது தீர்ந்தது. இல்லையென்றால் தப்பித்தது. எது எந்த நாளில் விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் மருந்து தினமும், மாதக்கணக்கில், காத்திருக்கவேண்டியிருக்கிறது. தூங்கும் கிருமி இருமலை உண்டாக்காது. ஆகவே அது இருக்கிறதா இல்லையா என்பதற்கு இருமலின் சாட்சி செல்லாது.

“அதெல்லாம் சரி, ஆறு மாதம் என்று யார் கணக்குப் போட்டது? மருத்துவர்கள் எதையும் கூட்டித்தானே சொல்வார்கள்?” இந்தச் சந்தேகத்தையும் நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறேன். உண்மை இதற்கு நேர் எதிர். சிகிச்சையின் மாதங்களைக் குறைக்க ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் நம் சென்னைக்கும் புனேக்கும் பங்கு உண்டு.

1956இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவர் அளவுக்குக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது அந்த மையம்தான். அப்போது சிகிச்சை ஓராண்டு. பிறகு ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்ததால் அது பாதியாக, ஆறு மாதமாக, இறங்கியது.

அதோடு நிற்கவில்லை. நான்கு மாதம் போதுமா என்று அதே நிறுவனம் தமிழ்நாட்டு நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. கேட்டிஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்துகளில் ஒன்றை மற்றவற்றோடு சேர்த்து, வாரம் மூன்று நாள் வீதம், நான்கு மாதம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான ஆறு மாதம். குணமானவர்களைச் சிகிச்சை முடிந்த பிறகும் விடாமல் கவனித்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. கேட்டிஃப்ளாக்சசின் பிரிவில் 100க்கு 15 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மாக்சிஃப்ளாக்சசின் பிரிவில் 11. ஆறு மாதம் முடித்தவர்களில் 6. சோதனையை முன்கூட்டியே நிறுத்தவேண்டி வந்தது.

இதைக் கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். அந்த 15 பேரும் 11 பேரும் மாத்திரையை ஏமாற்றியவர்கள் அல்லர். கண்காணிப்பில், புதிய மருந்தோடு, நான்கு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள். சளி சுத்தமாகி, குணமானவர் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், 80ஆம் நாளில் தானாக நிறுத்துகிறவர் எந்தத் தைரியத்தில் நிறுத்துகிறார்?

குறைக்க முடிந்த இடத்தில் குறைத்தும் இருக்கிறார்கள். ‘ஷைன்’ என்ற ஆய்வு 1204 குழந்தைகளிடம் நடந்தது. ஆப்பிரிக்க நாடுகள் மூன்றோடு இந்தியாவும் சேர்ந்தது. இங்கே சென்னையும் நம் புனேயின் பி.ஜே. மருத்துவக் கல்லூரியும் அதில் இருந்தன. 16 வயதுக்கு உட்பட்ட, நோய் தீவிரமாகாத, சளியில் கிருமி தென்படாத குழந்தைகளுக்கு நான்கு மாதமே ஆறு மாதத்துக்கு ஈடாகும் என்று 2022இல் தெரியவந்தது. பெரியவர்களுக்கும் ரிஃபாபென்டின் என்ற மருந்து சேர்ந்த வேறொரு நான்கு மாதச் சிகிச்சை வெற்றி பெற்றிருக்கிறது. ஆனால் அது வேறு மருந்து. உங்கள் கையில் இருக்கும் மாத்திரையை நான்கு மாதத்தில் நிறுத்த அது அனுமதி தராது. எத்தனை மாதம் என்பதைத் தீர்மானித்தது, நிறுத்தியபின் யாருக்கு நோய் திரும்பியது என்ற கணக்கு. இருமல் என்றைக்கு நின்றது என்ற கணக்கு அதில் இல்லை.

இனி, நம் தேஹு ரோட்டுக்காரருக்கு என்ன ஆகும்? கிழங்கு முளைத்தால், சில மாதங்களில் மாலைக் காய்ச்சலும் இருமலும் திரும்பும். வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் தொற்றலாம். பலருக்குத் திரும்பிவருவது பழைய கிருமியே. அதே மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் முதல் நாளிலிருந்து மறுபடி ஆறு மாதம். இன்னும் மோசமானது, பத்து நாள் சாப்பிட்டு ஒரு வாரம் விட்டு, மறுபடி சாப்பிட்டு மறுபடி விடுவது. கோடிக் கிருமிகளில் ஒன்றிரண்டு இயல்பிலேயே ஒரு மருந்தைத் தாங்கும் சக்தி உள்ளவை. விட்டுவிட்டுச் சாப்பிடும்போது மற்றவை செத்து, அவை மட்டும் பெருக இடம் கிடைக்கிறது. பிறகு வருவது மருந்துக்கு அடங்காத காசநோய். அதற்கான சிகிச்சை, வகையைப் பொறுத்து, ஆறு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை போகும், மருந்துகளும் கடுமையானவை.

சூடு ஏறுகிறது என்று நிறுத்துகிறவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினின் சாயம், பயம் வேண்டாம். குமட்டலையும் மூட்டுவலியையும் கால் எரிச்சலையும் சுகாதார நிலையத்தில் சொன்னால் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால், மாத்திரையை அன்றைக்கே நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள். அவர் ஈரலையும் கண்ணையும் பார்த்து, எதை எப்போது மறுபடி தொடங்கவேண்டும் என்று சொல்வார். பயத்தால் சொல்லாமல் நிறுத்துவதற்கும் இப்படி நிறுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகிறீர்களா? போகும் முன் சொல்லுங்கள். ‘நிக்ஷய்’ பதிவு எண்ணைக் காட்டினால் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவமனையில் மருந்து கிடைக்கும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கவேண்டாம். நிலையத்தில் சொல்லி, விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பே நிறுத்திவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கவேண்டாம். திரும்பப் போய், நிறுத்திய தேதியை உள்ளபடி சொல்லுங்கள். சளியை எடுத்து, ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்று பார்த்துத்தான் அடுத்த மருந்தை முடிவு செய்வார்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

ஆறு மாதம் முடித்தவர்களிலும் 100க்கு 6 பேருக்கு நோய் திரும்பியதைச் சொன்னேன், அதை மறைக்கமாட்டேன். அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்கிறார்கள்.

இன்றிரவு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை நாள் பாக்கி என்று எண்ணிப் பாருங்கள். “உடம்பு தேறிடுச்சு” என்று யாராவது சொன்னால், “ஆமாம், தேறிடுச்சு. இன்னும் 88 நாள் இருக்கு” என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்குங்கள்.