வீரம்மாவின் சிரிப்பை வெட்டாத கை

போன வருடம் மேலூர் பக்கம் ஒரு காலனியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாச்சியின் பேச்சைச் செல்பேசியில் பதிவுசெய்தேன். படியாள் காலம், பஞ்சம், கூழ், கங்காணி, கண்மாய் வேலை, செத்துப்போன பிள்ளைகள் என்று ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். அதைத் தட்டச்சு செய்து, நான்கு பக்கக் கட்டுரையாக்கி, ஒரு கூட்டத்தில் வாசித்தேன். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி வந்து சொன்னாள்: "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இது எங்க அம்மாச்சி பேசுனது இல்ல."

வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். அவள் சொன்னது உண்மை. "அய்யா வீட்ல கூழு ஊத்துனாக, குடிச்சோம்" என்று அம்மாச்சி சொன்னதை நான் "ஆண்டைகளால் உழைப்புச் சுரண்டலுக்கு ஆளாக்கப்பட்டோம்" என்று எழுதியிருந்தேன். கடலை பிடுங்கப் போன இடத்தில் அய்யாவின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கடலையை ஒளித்துக் கொண்டுவந்த கதையை அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு முழு ஒரு நிமிடம். என் கட்டுரையில் கடலையும் இல்லை, சிரிப்பும் இல்லை. முனி அடித்த கதை, பேய் ஓட்டிய கதை எதுவும் இல்லை. "நம்ம தலையெழுத்து அப்பு" என்று மூன்று முறை சொல்லியிருந்தார், மூன்றையும் தூக்கியிருந்தேன். மொத்தத்தில் அம்மாச்சியின் வாயை வாடகைக்கு எடுத்து நான் பேசியிருக்கிறேன்.

அதனால்தான் ஜோசியான் ரசீன் என்ற மொழிபெயர்ப்பாளரைப் பாராட்டி இதை எழுதுகிறேன். தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். "சேரிக்கு வெளியே இருந்து வந்தவர், பிரெஞ்சில் எழுதியவர், அவரை நாம் ஏன் பாராட்ட வேண்டும்?" என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

ஜோசியான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், இசை ஆய்வாளர். புதுச்சேரிக்குப் பக்கத்தில் காரணி என்று அந்த நூல் அழைக்கும் கிராமத்தில் வீரம்மாவைச் சந்தித்தார். வீரம்மா பறையர் சமூகத்தைச் சேர்ந்த விவசாயக் கூலி. சேரியின் மருத்துவச்சி. ஒப்பாரியும் பாட்டும் தெரிந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று மூன்று பேரை மட்டும் மிச்சம் கண்டவர். பாட்டு தேடிப்போன தொடர்பு பத்து வருடப் பேச்சாக நீண்டது. அந்தப் பேச்சிலிருந்து ஜோசியானும், புவியியலாளரான அவர் கணவர் ழான்-லூக் ரசீனும் உருவாக்கிய புத்தகம் 1995இல் பாரிஸில் பிரெஞ்சில் வெளிவந்தது. 1997இல் வில் ஹாப்சன் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

அட்டையில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். முதல் பெயர் வீரம்மா. அதற்குப் பிறகுதான் ரசீன்கள். இது சின்ன விஷயம் இல்லை. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். நம் பாட்டன் பூட்டன்களின் மூக்கை அளந்தவர் அவர். அந்த ஏழு தொகுதிகளையும் புரட்டுங்கள். அளந்தவர் பெயர் அட்டையில் இருக்கும், அளக்கப்பட்டவர் பெயரைத் தேடிச் சலித்துப்போவீர்கள். தகவல் தந்தவர் வேறு, ஆசிரியர் வேறு என்பதுதான் அந்த மரபு. என் நான்கு பக்கக் கட்டுரையும் அதே மரபுதான். தலைப்புக்குக் கீழே என் பெயர் இருந்தது, அம்மாச்சி "ஒரு மூதாட்டி" ஆகியிருந்தார்.

பேச்சைப் புத்தகமாக்குவது என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுத்தில் இறக்க எனக்கு ஐந்தாறு மணி நேரம் ஆனது. அது எளிய பகுதி. பேசுகிறவர் வரிசையாகப் பேசுவதில்லை. கல்யாணத்தில் தொடங்கிப் பேய்க்குப் போய், அங்கிருந்து ரேஷன் கடைக்குப் போய், திரும்பக் கல்யாணத்துக்கு வருவார். ஒரே சாவை மூன்று தடவை மூன்று விதமாகச் சொல்வார். எதை முதலில் வைப்பது, மூன்றில் எதை எடுப்பது, கேட்டவரின் கேள்விகளை வைப்பதா நீக்குவதா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஜோசியான் கேள்விகளை நீக்கி, வீரம்மா ஒரே மூச்சில் பேசுவதுபோல் அமைத்தார். இதில் எனக்குக் குறை உண்டு. என்ன கேட்கப்பட்டதற்கு இந்தப் பதில் வந்தது என்று வாசகருக்குத் தெரியாமல் போகிறது. ஆனாலும் கேட்டவரை அவர் முழுசாக ஒளிக்கவில்லை. வீரம்மா பேச்சுக்கு நடுவே "சின்னம்மா" என்று அவரைக் கூப்பிடுவது புத்தகத்தில் அப்படியே நிற்கிறது. அந்த ஒரு சொல்லில் பாசமும் இருக்கிறது, யார் மேலே யார் கீழே என்ற கணக்கும் இருக்கிறது. அதை எடுத்திருந்தால், ஒரு சேரிப் பெண் யாருமில்லாத வெளியில் உலகத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் ஆகியிருக்கும். அது பொய்.

அடுத்தது மொழி. பிரெஞ்சு மூலத்தின் தலைப்பில் 'பரியா' என்ற சொல் இருக்கிறது. பறையர் என்ற நம் சொல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஒரு சமூகத்தின் பெயரையே உலகம் வசவாக்கி வைத்திருக்கிறது. எழுதாத அரசியல்வாதியை, கூட்டணி கிடைக்காத நாட்டை எல்லாம் இன்றும் பத்திரிகைகள் கூசாமல் 'பரியா' என்கின்றன. அந்தச் சொல்லை ஒரு பறையர் பெண்ணின் வாழ்க்கைக்குத் தலைப்பாக வைத்தபோது அது பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் அது 'தீண்டத்தகாதவரின் வாழ்க்கை' ஆனது, இந்தியப் பதிப்பில் 'தலித்தின் வாழ்க்கை' ஆனது. நமக்கு மூன்றாவதுதான் இனிக்கும். ஆனால் அது நம் சொல், நம் போராட்டம் தேடிக்கொண்ட சொல். வீரம்மா தன்னை அழைத்துக்கொண்ட சொல் அது இல்லை. அட்டையில் அதை ஒட்டிய பதிப்பாளர் செய்ததும், அம்மாச்சியின் வாயில் 'சுரண்டல்' என்பதை நான் வைத்ததும் ஒரே வேலை.

இன்னொன்றையும் சொல்கிறேன். தமிழில் சாதி, நீ என்பதிலும் நீங்கள் என்பதிலும் குடியிருக்கிறது. பத்து வயதுப் பையன் கிழவியை "ஏ, வா இங்க" என்பதும், கிழவி அவனை "சாமி" என்பதும் நம் சமவெளி எங்கும் நடந்த கதை. பிரெஞ்சில் இதற்கு வழி இருக்கிறது, அங்கும் ஒருமைக்கும் மரியாதைக்கும் தனித்தனிச் சொல் உண்டு. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் படித்துவிட்டு "வீரம்மா இவ்வளவு இயல்பாகப் பேசுகிறாரே" என்று வியப்பவர்கள், தமிழிலிருந்து இரண்டு கைமாறி வந்த பேச்சைக் கேட்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தின் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் கோபம் மொழியைப் பற்றியது அல்ல. வீரம்மா நாம் விரும்புகிற மாதிரிப் பேசவில்லை என்பதுதான் கோபம். அவர் சாமியை நம்புகிறார், பேயை நம்புகிறார். உள்ள ஏற்பாடு மாறும் என்று அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சமத்துவம் பேசும் மகன் அன்பனோடு அவருக்கு ஒத்துப்போவதில்லை. கொச்சையாகக் கேலி பேசுகிறார், சிரிக்கிறார். பிரெஞ்சுத் துணைத்தலைப்பே அடிமைப்பட்டவர்களின் சிரிப்பு என்பதுதான். "பார், அவர்களே சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்" என்று ஆதிக்கச் சாதிக்காரன் சொல்ல இது இடம் கொடுக்காதா என்கிறார்கள்.

கொடுக்கும். அவன் எதையும் அப்படித்தான் படிப்பான். அவனுக்குப் பயந்து நம் கிழவிகளைத் திருத்துவதா? ஒன்பது பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் சிரிக்கிறார் என்றால் அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். மகனையும் அம்மாவையும் ஒரே புத்தகத்தில் முரண்பட விட்டதால்தான், ஒரே குடிசைக்குள் இரண்டு காலம் மோதிக்கொண்டது நமக்குத் தெரிகிறது. ஜோசியான் மகனை மட்டும் வைத்துக்கொண்டு அம்மாவை வெட்டியிருந்தால் நமக்கு ஒரு துண்டறிக்கை கிடைத்திருக்கும். துண்டறிக்கை எழுத நமக்கே தெரியும், அதற்குப் பத்து வருடம் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை.

"நம் கதையை நாமே எழுதுவோம்" என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1992இல் இதே மதுரையிலிருந்து பாமாவின் 'கருக்கு' பேச்சுத்தமிழிலேயே வந்தபோது, இலக்கணத்தை இழுத்துப்போட்டு மிதித்துவிட்டார் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அது பாடப்புத்தகம். ஆனால் பாமாவுக்கு எழுதத் தெரியும். எழுதத் தெரியாத அம்மாச்சிகளின் பேச்சை யாரோ ஒருவர் கைதான் இறக்கியாக வேண்டும். அது சொந்த சாதிக் கையாக இருந்தால் மட்டும் தப்பு நடக்காது என்று நினைக்காதீர்கள். நான் அந்தக் காலனிக்காரன்தான். என் கைதான் சிரிப்பை வெட்டியது.

மறுபடி எழுதினேன். பேச்சைப் பேச்சாகவே இறக்கினேன். தலைப்புக்குக் கீழே அம்மாச்சியின் பெயரைப் போட்டேன், தொகுத்தவன் என்று என் பெயரை அடியில் சின்னதாக வைத்தேன். "தலையெழுத்து" மூன்று இடத்திலும் நிற்கிறது. கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போய், பேத்தியை உட்காரவைத்து அம்மாச்சிக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். வெத்தலையை இடித்துக்கொண்டே கேட்டார். இரண்டு பெயர்களை மாற்றச் சொன்னார், அவர்கள் பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்களாம். கடலைக் கதை வந்ததும் உரலை நிறுத்தினார்.

"மடியில கட்டிக்கிட்டு வந்தேன்னா எழுதிருக்க?"

"ஆமா அம்மாச்சி. அப்படித்தான பேசியிருக்கீக."

"மடியத்தான் அய்யா வரப்புல நின்னு அவுத்துப் பாப்பாகளே அப்பு. கொண்டைக்குள்ள வச்சுல கொண்டாந்தேன். அன்னைக்கு உன்னையப் புதுசாப் பாத்தேன், அதான் சொல்லல. மாத்தி எழுது."