நகர வேண்டியது யார்?

செம்மங்குப்பத்தில் ஞாயிறு மாலைகளில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு நாங்கள் உட்காருகிறோம். பெரும்பாலும் எங்கள் பகுதியில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள். பகலில் சிப்காட்டில் வேலை, இரவில் படிப்பு என்று இருப்பவர்களும் உண்டு. தமிழிலும் கணக்கிலும் இவர்கள் சோடைபோவதில்லை. ஆனால் ஒரு பகுதியில் மட்டும் மதிப்பெண் கை நழுவுகிறது. அந்தப் பகுதியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

தகுதித் தேர்வின் ஒவ்வொரு தாளிலும் 150 கேள்விகள். அதில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் பற்றியவை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011-இல் வகுத்த வழிகாட்டுதலில் வந்த பகிர்வு இது. இந்த முப்பதில் ஒரு பகுதி பியாஜே, வைகாட்ஸ்கி என்று மனப்பாடம் செய்து எழுதக்கூடியவை. இன்னொரு பகுதி வேறு வகை. வகுப்பறையில் நடக்கும் ஒரு சூழலைச் சொல்லி, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, நான்கு வழிகளைக் கொடுப்பார்கள். மூன்று வழிகள் முழுத் தவறாக இருக்காது. நான்கில் மிகப் பொருத்தமானது ஒன்றுதான். அதற்குத்தான் மதிப்பெண்.

நாங்களே எழுதிப் பயிற்சிக்குக் கொடுத்த ஒரு கேள்வி இது. நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதச் சொன்னால் சரியாக எழுதுகிறாள். வாய்விட்டுப் பதில் சொல்லச் சொன்னால் தலை குனிந்து நிற்கிறாள். அவள் பேசும்போது சேரிப் பேச்சு என்று சில பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆசிரியர் செய்ய வேண்டியவற்றில் மிகப் பொருத்தமானது எது?

அ) அவளிடம் கேள்வி கேட்பதை நிறுத்தி, எழுத்து வேலை மட்டும் கொடுப்பது.
ஆ) சிரித்த பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பது.
இ) வீட்டில் நல்ல தமிழ் பேசிப் பழக்கும்படி அவள் பெற்றோரை அழைத்துச் சொல்வது.
ஈ) அவள் பேச்சிலேயே பதிலை ஏற்றுக்கொண்டு, சிறு குழுவில் பேசவைத்து, எல்லோருடைய வீட்டுப் பேச்சுக்கும் வகுப்பில் இடம் கொடுப்பது.

எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் ஆ என்று எழுதினார்கள். ஏன் என்று கேட்டோம். "சிரிச்சவங்களை அப்படியே விட்டா நாளைக்கும் சிரிப்பாங்கல்ல?" என்றாள் ஒரு தங்கை. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளியில் தானும் அப்படி நின்றவள் அவள். அன்று ஓர் ஆசிரியராவது சிரித்தவர்களைக் கண்டித்திருந்தால் என்ற ஏக்கம் அந்த விடையில் இருக்கிறது. ஆனால் தேர்வு அவளிடம் கேட்பது, மாணவியாக அவள் எதிர்பார்த்தது என்ன என்பதை அல்ல. ஆசிரியராக அவள் செய்யப்போவது என்ன என்பதை.

ஒவ்வொரு விடையையும் எடுத்துப் பார்ப்போம். அ இரக்கம் போலத் தெரிகிறது. அந்தப் பிள்ளையின் பேச்சு உரிமையை நிரந்தரமாகப் பறிக்கிறது. ஆ பிள்ளைகளை அவமானப்படுத்துகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வெளியே நின்ற பிள்ளை மறுநாள் அவளைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பான், ஆனால் முறைப்பான். இ குற்றத்தைக் கொண்டுபோய் அவள் வீட்டின் மேல் வைக்கிறது. ஈ மட்டும்தான் வகுப்பை மாற்றுகிறது. அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்றும், முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஈ அதன் வழியில் நிற்கிறது.

கேள்வியின் கடைசி வரியையும் கவனிக்கச் சொல்கிறோம். 'முதலில் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டால் அது வரிசையைக் கேட்கிறது. காரணம் இன்னும் தெரியாத சூழல் என்றால், காரணத்தைக் கண்டறியும் விடைதான் பெரும்பாலும் முதலில் வரும். 'மிகப் பொருத்தமானது எது' என்று கேட்டு, காரணத்தையும் கேள்வியே சொல்லிவிட்டால், அந்தக் காரணத்தை வகுப்பறைக்குள்ளேயே சரிசெய்யும் விடையைத் தேட வேண்டும். பிள்ளைக்குப் பட்டம் கட்டுகிற விடை, தண்டிக்கிற விடை, பொறுப்பை வேறொருவர் தலையில் கட்டுகிற விடை ஆகியவற்றை அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான்.

நாங்கள் எழுதிய இந்தக் கேள்வியில் ஒரு குறையும் இருக்கிறது. சரியான விடை மற்ற மூன்றைவிட நீளமாக இருக்கிறது. பாடமே படிக்காதவர்கூட நீளத்தைப் பார்த்துக் குறித்துவிடலாம். இத்தகைய கேள்வி எழுதுவது அவ்வளவு எளிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தந்திரமெல்லாம் கிடைத்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

இனி அடுத்த கேள்வி. பயிற்சிக் கையேடுகளில் நாங்கள் பார்த்த சூழல்களில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை உண்டு, மெல்லக் கற்கும் பிள்ளை உண்டு, பின்தங்கிய சூழலிலிருந்து வரும் பிள்ளையும் உண்டு. சாதி மட்டும் இல்லை. ஆகவே நாங்களே ஒன்றை எழுதினோம்.

மூன்றாம் வகுப்பு. மதிய உணவின்போது சில பிள்ளைகள் ஒரு மாணவன் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள். 'அம்மா உட்காரக் கூடாதுன்னாங்க' என்கிறார்கள். ஆசிரியர் செய்ய வேண்டியவற்றில் மிகப் பொருத்தமானது எது?

அ) அந்த மாணவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது.
ஆ) விவரம் அறியாத வயது என்று விட்டுவிடுவது.
இ) எல்லோருக்கும் பெயர் வரிசையில் இடம் கொடுத்து, தானும் அந்தப் பந்தியில் உட்கார்வது.
ஈ) இன்னும் சுத்தமாக வரும்படி அந்த மாணவனிடம் அன்பாகச் சொல்வது.

ஆ, ஈ இரண்டையும் எல்லோரும் தள்ளிவிட்டார்கள். சண்டை அ-வுக்கும் இ-க்கும் இடையில்தான். அ நல்ல மனம் உள்ள ஆசிரியர் செய்வது. எங்களில் சிலருக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்திருந்தார், அவரை இன்றும் நினைக்கிறோம். இருந்தாலும் சரியான விடை இ. இரண்டும் நல்லவையாகத் தெரியும்போது நாங்கள் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்: இந்த விடையில் இடம்விட்டு நகர வேண்டியது யார் என்று பாருங்கள். அ-வில் ஒதுக்கப்பட்ட பிள்ளையே எழுந்து நகர்கிறான். அவன் தனியானவன் என்பது எல்லோர் முன்னும் உறுதியாகிறது. இ-யில் எல்லோரும் நகர்கிறார்கள். யாரும் குறி வைக்கப்படவில்லை, மறுக்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. பிறகு தலைமை ஆசிரியரிடம் சொல்வதும் பெற்றோரிடம் பேசுவதும் தொடர வேண்டும். ஆனால் அன்றைய சோறு அன்றைக்கே ஒரே வரிசையில் உண்ணப்பட வேண்டும்.

இது எங்கள் சொந்த யோசனை அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவனுடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆசிரியர் தேர்வு வாரியம் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சமூக நீதி குறித்த அவர்களது மனப்பான்மையையும் அறிந்து கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. இரண்டாவதைப் பேசுவார் இல்லை.

மனப்பான்மையைத் தேர்வில் அறிய முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனத்துக்குள் ஆ என்று நினைப்பவர்கூடத் தாளில் இ என்று குறித்துவிடலாம். சரியானது எது என்று ஒருவருக்குத் தெரியுமா என்பதைத்தான் இந்த வகைக் கேள்வி அளக்கும். அவர் அதைச் செய்வாரா என்பதை அளக்காது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தேர்வில் வருவதைத்தான் பயிற்சிக் கல்லூரி நடத்தும், தேர்வர் படிப்பார். இன்று பந்தியில் ஒதுக்கப்படும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஒருமுறைகூட யோசிக்காமலே ஒருவர் ஆசிரியராகிவிட முடிகிறது. எனக்குத் தெரியாது என்ற சாக்கையாவது இந்தக் கேள்வி பறித்துவிடும்.

வேறொரு சிக்கல்தான் உண்மையில் பெரியது. தேர்வு முடிந்ததும் வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது. ஆட்சேபத்துக்குத் தரமான பாடநூலிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும், கையேடு செல்லாது. மேலே சொன்ன பந்திக் கேள்வியைக் கேட்டு, அ-தான் சரி என்று ஒருவர் ஆட்சேபித்தால், இ-க்கு ஆதாரமாக எந்தக் கல்வியியல் நூலின் எந்தப் பக்கத்தைக் காட்டுவது? நாங்கள் புரட்டிய பாடநூல்களில் சமூக ஏற்பு, சகமாணவர் குழு என்று பொதுவாக இருக்கிறது. பந்தி இல்லை, பெஞ்சு இல்லை. நூலில் இல்லாததைக் கேட்டால் கேள்வி விழுந்துவிடும். விழுந்துவிடும் என்று தெரிந்தால் கேட்கவே மாட்டார்கள்.

ஆகவே கோரிக்கையையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். முதலில், கல்வியியல் பட்டப் படிப்பிலும் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பிலும் வகுப்பறைச் சாதிப் பாகுபாடு பெயர் சொல்லிப் பாடமாக வேண்டும். பிறகு, அந்த முப்பதில் ஒன்றிரண்டு கேள்வியாவது அதிலிருந்து வர வேண்டும். அவற்றை எழுதும் குழுவில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்கள் இருக்க வேண்டும். எழுதிய கேள்வியை விடை சொல்லாமல் அனுபவமுள்ள பத்து ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்க்கட்டும். அவர்கள் இரண்டு விடைகளுக்குச் சரிபாதியாகப் பிரிந்தால் அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும், அல்லது கைவிட வேண்டும்.

பணியில் உள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்களுக்கு அது தந்த வேதனையை நாங்கள் அறிவோம். இத்தனை பேரை உட்கார வைத்து எழுதச் சொல்லும் தேர்வு, வகுப்பறையில் உண்மையில் நடப்பதைக் கேட்கட்டும் என்பதே நம் வாதம்.

நம் பிள்ளைகள் பொதுப்பள்ளியில் உட்கார இடமில்லாத காலத்தில், 1916-இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அன்று நமக்குத் தனிப் பள்ளி வேண்டியிருந்தது. இன்று ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஆனால் பந்தியில் யார் எங்கே உட்கார்வது என்பதை இன்னும் ஆசிரியரின் நல்ல மனத்துக்கே விட்டு வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு அந்தத் தங்கை பந்திக் கேள்விக்கு இ என்று குறித்தாள். பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தாள். வாங்கிப் பார்த்தோம். 'அவன் ஏன் நகரணும்?' என்று இருந்தது.