பழைய எக்ஸ்பாக்ஸுக்கு வைஃபை: அட்டைப்பெட்டி எண்ணும் உண்மை வேகமும்

2005இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் வைஃபை கிடையாது. ஈதர்நெட் போர்ட் மட்டுமே உண்டு. 2010இல் வந்த மெலிந்த வடிவத்தில்தான் வைஃபை உள்ளேயே அமைந்தது. 2024 ஜூலையில் அதன் இணையக் கடை மூடப்பட்டது. ஆயினும் முன்பே வாங்கிய விளையாட்டுகளை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. அந்த வழி திறந்திருக்கும்போதே, கேபிள் எட்டாத அறையிலுள்ள பழைய கன்சோலையும் இணையத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

இதற்கெனப் பலர் மைக்ரோசாஃப்டின் பழைய யுஎஸ்பி அடாப்டரைத் தேடி அலைகின்றனர். பொதுவான யுஎஸ்பி வைஃபை அடாப்டர்களை இக்கன்சோல் ஏற்காது என்பதே காரணம். ஆனால், ஈதர்நெட் போர்ட்டில் செருகும் வைஃபை பிரிட்ஜே அறிவார்ந்த தேர்வு. வைஃபையின் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு முறையையும் பிரிட்ஜே கவனித்துக்கொள்ளும். கன்சோலுக்குத் தான் கேபிளில் இருப்பதாகவே தோன்றும். நாளை வைஃபை தரம் மாறினால், பிரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும்.

சிறிய பயண ரவுட்டர் ஒன்றே இப்பணிக்குப் போதுமானது. அதை முதலில் மடிக்கணினியுடன் கேபிளால் இணைத்து, அமைப்புப் பக்கத்தில் Client முறையைத் தேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் இட வேண்டும். பிறகு அதே கேபிளைக் கன்சோலில் செருகலாம். பலர் தவறுவது முறையைத் தேர்வதில்தான். Router அல்லது WISP முறையில் விட்டால், வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இரண்டாவது முகவரி மாற்றமும் நிகழும். பதிவிறக்கம் நடக்கும்; ஆனால் பிறருடன் இணைந்து விளையாடுவது தடைபடக்கூடும். கன்சோலின் இணைப்புச் சோதனையில் NAT என்பதற்கு எதிரே Strict அல்லது Moderate எனத் தெரிந்தால், முதலில் ஐயுற வேண்டியது இதையே.

இனி வேகம். பெட்டியில் ‘300 எம்பிபிஎஸ்’ என்று அச்சிட்டிருப்பது வானொலி இணைப்பின் உச்ச அளவு. கன்சோலின் போர்ட்டோ 100ஐத் தாண்டாது. வைஃபையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறிமாறி நிகழ்வதால், இணைப்பு எண்ணில் ஏறத்தாழப் பாதியே கைக்கு வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில், இரண்டு சுவர்களுக்கு அப்பால், 30 எம்பிபிஎஸ் கிடைத்தாலே நிறைவு கொள்ளலாம். அவ்வேகத்தில் 6 ஜிபி விளையாட்டு ஒன்று, அதாவது 48,000 மெகாபிட், இறங்க 1,600 நொடிகள், சுமார் 27 நிமிடங்கள் ஆகும். இணையத் திட்டமும் இடங்கொடுத்தால், நேரடிக் கேபிளில் அது 9 நிமிடங்களுக்குள் முடியும்.

அந்தப் பதினெட்டு நிமிட வேறுபாடு பதிவிறக்கத்தின்போது மட்டுமே உறுத்தும். விளையாடும்போது செல்லும் தரவு மிகக் குறைவு. அங்கு முக்கியம் தாமதத்தின் சீர்மையே. ஆகவே, பெட்டியிலுள்ள பெரிய எண்ணுக்குப் பணம் கொடுப்பதைவிட, பிரிட்ஜை நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதாகத் தேர்ந்து, தொலைக்காட்சியின் பின்னால் ஒளிக்காமல் திறந்த இடத்தில் வைப்பதே பயன் தரும்.