தாமதம் என்பது யாருடைய கடிகாரம்?

மொழியியல் ஆய்வாளர் என்று அறிமுகம் செய்துகொண்டால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். எத்தனை மொழிகள் தெரியும் என்பது முதலாவது. "ஒரு வயசுக்கு மேல எதுவும் மூளையில ஏறாதாமே?" என்பது இரண்டாவது. இரண்டாவதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். கேள்வியின் தொனியிலேயே விடை இருக்கும். நம்மிடம் எதிர்பார்ப்பது ஒரு தலையசைப்பை மட்டுமே.

அந்தத் தலையசைப்புக்கு எங்கள் துறையும் ஓரளவு பொறுப்பு. எரிக் லென்னபெர்க் 1967இல் முன்வைத்த 'முக்கியப் பருவம்' என்னும் கருதுகோளை முதுகலை முதல் பருவத்திலேயே படிக்கிறோம். குழந்தை தன் முதல் மொழியை இயல்பாக ஈட்டிக்கொள்ளும் உயிரியல் திறன் பூப்புப் பருவத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது என்பதே அதன் சாரம். அது பேசியது முதல் மொழி ஈட்டத்தைப் பற்றி. இரண்டாம் மொழிக்கு அதை நீட்டித்தவர்களும் வலுவான சான்றுகளைக் கண்டது பெரிதும் உச்சரிப்பில்தான். ஆனால் வகுப்பறையை விட்டு வெளியேறும்போது அந்தக் கருதுகோள் தன் வரம்புகளை உதிர்த்துவிட்டு, 'வயதானால் படிப்பு வராது' என்ற பழமொழியாக உருமாறிவிடுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் பொருளாதாரமோ வரலாறோ படிக்க வருபவருக்கும் லென்னபெர்க்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பல்லாண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவரைப் பற்றி உண்மையிலேயே ஏதேனும் சொல்லக்கூடிய ஆய்வு வேறொன்று. ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்டது. பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிய மொழி படித்த 733 பேரை அவர் சோதித்தார். சிலர் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தவர்கள். சிலர் படித்து ஐம்பது ஆண்டுகள் ஆனவர்கள். முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் மறதி வேகமாக நடக்கிறது. அதன் பின்னர் எஞ்சியது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை பெரிதாகக் குறையாமல் நிற்கிறது. இடையில் அந்த மொழியைத் தொடாதவர்களிடமும் இதே நிலைதான். நிரந்தரப் பனி உறைந்த மண்ணை நினைவூட்டும் ஒரு பெயரை அந்த எச்சத்துக்கு அவர் சூட்டினார்.

இதற்கும் வரம்புகள் உண்டு. முதலில் ஆழமாகக் கற்றவர்களிடமே அந்த எச்சம் கணிசமாக இருந்தது. மேலோட்டமாகப் படித்தவர்களிடம் மிஞ்சியது சொற்பம். மேலும், சொல்லைக் கண்டால் இனம் காண்பது தங்கிய அளவுக்கு, தாமாக நினைவிலிருந்து எடுப்பது தங்கவில்லை. திரும்பி வருபவர் முதல் வாரத்தில் 'எல்லாம் போய்விட்டது' என்று எண்ணுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர் தம்மைச் சோதிப்பது நினைவிலிருந்து எடுக்கும் முறையில்; அந்த வழியோ முதலிலேயே அடைபடுவது. நினைவுகூர முடியாத ஒன்றைக்கூட மறுமுறை கற்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்று எபிங்ஹாஸ் 1885லேயே தம்மீதே சோதித்துக் காட்டியிருக்கிறார். போய்விட்டதா, புதைந்திருக்கிறதா என்பதை அறிய வேண்டுமானால் பழைய பாடத்தை மீண்டும் கற்றுப் பார்த்து, எத்தனை நாள் ஆகிறது என்று எண்ண வேண்டும்.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துப் பாகீரதி அம்மாவை இந்தக் கண்ணோட்டத்தில் நாம் பார்ப்பதில்லை. ஒன்பது வயதளவில் தாயை இழந்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2019இல், 105 வயதில், மாநில எழுத்தறிவு இயக்கத்தின் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வை எழுதினார். 275க்கு 205 மதிப்பெண். கணிதத்தில் முழு மதிப்பெண். செய்தித்தாள்கள் வயதைத் தலைப்பில் போட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது செய்தியின் உள்ளே ஒற்றை வரியாகக் கிடந்த ஒரு தகவல்: எழுதுவது சிரமமாக இருந்ததால், தேர்வை அவர் வீட்டிலிருந்தே மூன்று நாட்களில் எழுதி முடித்தார். அவருடைய அறிவை அளந்தவர்கள் அவருடைய கை வேகத்தை அளக்கவில்லை. அதே வினாத்தாள்களை ஒரு கூடத்தில் மணியடித்து நடத்தியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வேறொரு எண்.

அந்த வேறொரு எண்ணை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும் துறையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தெலுங்குக்காரப் பெண்மணி ஒருவர் சேர்ந்தார். நாங்கள் அனைவரும் அவரை அம்மா என்றே அழைப்போம். இளங்கலை முடித்து முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒலியனியல் பயிற்சியில் 'பக்கம்', 'தங்கம்' ஆகிய இரு சொற்களையும் ஒலிக்கச் செய்து எழுதச் சொன்னபோது, தமிழ் மாணவர்களில் பலர் இரண்டிலும் ஒரே ககரத்தை எழுதினார்கள். அவர் மட்டும் உடனே வேறுபடுத்தினார். தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தெலுங்கில் அவை இரு தனி எழுத்துகள், பொருளை மாற்றும் தனி ஒலியன்கள். அறுபது ஆண்டுகளாக அவர் காது செய்துவந்த வேலைக்கு வகுப்பில் ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

பருவத் தேர்வில் அவர் தோல்வியின் விளிம்பில் நின்றார். "நேரம் கடந்துபோச்சு பாபு, இது என் வயசுக்கு இல்ல" என்றார். விடைத்தாளைக் கேட்டு வாங்கி இருவரும் பார்த்தோம். ஐந்து வினாக்களில் மூன்றுக்கு முழுமையான விடைகள். மூன்றிலும் ஏறத்தாழ முழு மதிப்பெண். நான்காவது பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. ஐந்தாவது வெற்றுத்தாள். புரியாதவரின் விடைத்தாள் இப்படி இருக்காது. அதில் ஐந்து விடைகளும் இருக்கும், ஐந்தும் தடுமாறியிருக்கும். இங்கே குறைந்தது நிமிடங்கள் மட்டுமே. வயதோடு மூளையின் செயல்வேகம் குறைகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. சொல்வளமும் திரண்ட அறிவும் அதே வேகத்தில் குறைவதில்லை என்பதும் நெடுநாளாக அறியப்பட்டதே. நமது மூன்று மணி நேரத் தேர்வு முதலாவதை அளந்துவிட்டு, இரண்டாவதன் பெயரில் மதிப்பெண் போடுகிறது.

அவரிடம் நான் சொன்னது ஆறுதல் அல்ல, கணக்கு. அடுத்த பருவத்துக்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு வினாவை முப்பது நிமிடத்தில் கையால் எழுதிப் பழகினார். முதலில் நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. பருவ முடிவில் முப்பத்தைந்துக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை, இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தப் பருவத்தில் நான்கு விடைகளை முடித்தார். அது போதுமானதாக இருந்தது. 'என் வயசுக்கு இல்ல' என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

நாம் கைவைக்க வேண்டியது மிச்சமுள்ள அந்த ஐந்து நிமிடங்களில்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் தரும் நெறிமுறை நம்மிடம் ஏற்கெனவே உண்டு; நேரம் என்பது அளவீட்டின் புனிதப் பகுதி அல்ல என்பதை நாமே ஒப்புக்கொண்டிருக்கிறோம். நெட் தேர்வையும் பாருங்கள். ஒரே நாள், ஒரே வினாத்தாள்; உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது உச்சவரம்பு இல்லை, ஆய்வு உதவித்தொகைக்கோ முப்பது. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டுதான். இளையவர் நீண்டகாலம் பணியாற்றுவார், பொதுப்பணம் அவருக்குச் செல்வதே முறை என்ற வாதம் முற்றிலும் பொருளற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை நிதிக் கொள்கை என்று வெளிப்படையாகச் சொல்லுவோம். கற்கும் திறனைப் பற்றிய தீர்ப்பாக அது வீடுகளுக்குள் நுழைய விடவேண்டாம்.

எங்கள் துறையில் உள்மதிப்பீட்டில் ஒரு தாளையாவது வீட்டில் எழுதும் தாளாக, ஒரு வார அவகாசத்துடன் எல்லா மாணவருக்கும் மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்த்து எழுதிவிடுவார்கள் என்பதே இதுவரை வந்துள்ள ஒரே எதிர்ப்பு. ஒலியனியல் சிக்கலுக்கான விடையை எந்த நூலிலிருந்து பார்த்து எழுதுவார்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.